காப்பர் டி போட்டபின் உதிரப்போக்கு: எத்தனை மாதம் பொறுக்கலாம், எப்போது காட்ட வேண்டும்?

"டாக்டர், எனக்கு 27 வயது. இரண்டாவது குழந்தை அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். அப்போதே காப்பர் டி போட்டுவிட்டார்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகிறது, இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். ஏழாம் மாதம் பீரியட்ஸ் திரும்ப வந்தது. முன்பெல்லாம் நான்கு நாள்தான், இப்போது எட்டு நாள். ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே போகிறது. இரண்டாம் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறது, இடுப்பே கழன்றுவிடும் போல வலி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நர்ஸ் அக்கா 'போகப்போகச் சரியாகும்' என்கிறார். மாமியார் எடுத்துவிடு என்கிறார். கணவர் 'எடுத்தால் அடுத்த குழந்தை வந்துவிடும்' என்கிறார். இன்னும் எவ்வளவு நாள் பொறுப்பது?"
— ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இனி பொறுக்க வேண்டாம். அடுத்த பீரியட்ஸ் வரும்வரைகூடக் காத்திருக்காமல் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். நர்ஸ் அக்கா சொன்னதும் தவறில்லை, பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் அந்த வார்த்தை எல்லோருக்கும் பொருந்தாது. உங்களுக்கு ஏன் பொருந்தவில்லை என்று நான் நினைக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு வேறு பலரும் இருக்கிறார்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காப்பர் டி என்பது ஒரு தீக்குச்சியைவிடச் சற்று நீளம் குறைந்த வெள்ளை பிளாஸ்டிக். தண்டில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும், இரண்டு கைகளிலும் சின்னச் செம்புக் குழல் இருக்கும், கீழே இரண்டு நூல்கள் தொங்கும். அந்தச் செம்பு மெல்ல மெல்லக் கரைந்து விந்தணுக்களைச் செயலிழக்க வைக்கிறது, அதனால்தான் கரு தங்குவதில்லை. ஆனால் கருப்பைக்கு அது அந்நியப் பொருள். கருப்பையின் உட்சவ்வு அதைச் சுற்றி லேசான அழற்சியோடுதான் இருக்கும். அந்த அழற்சியில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரக்கிறது, அது கருப்பையைப் பிசைந்து இறுக்குகிறது. வலி அங்கிருந்துதான் வருகிறது. அதோடு உட்சவ்வில் ரத்தம் உறையும் வேலையும் கொஞ்சம் தளர்ந்துபோகிறது. அதனால் போக்கு கூடுகிறது, நாளும் நீள்கிறது. முன்பு இருந்ததைப் போல ஒன்றரை மடங்குவரை போவது காப்பர் டி போட்டவர்களிடம் சாதாரணமாகக் காண்பதுதான். இதில் ஹார்மோன் எதுவும் கிடையாது, அதனால் "ஹார்மோன் கெட்டுப்போச்சு" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இந்த அழற்சி போட்ட புதிதில்தான் அதிகம். முதல் மூன்று மாதம் மோசமாக இருக்கும், ஆறு மாதத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குத் தணியும். "போகப்போகச் சரியாகும்" என்பதற்கு அடிப்படை இதுதான். இதிலேயே ஒரு சோதனையும் ஒளிந்திருக்கிறது. செம்பு மட்டுமே காரணம் என்றால், மாதத்துக்கு மாதம் போக்கு கொஞ்சமாவது இறங்க வேண்டும், குறைந்தபட்சம் ஒரே அளவில் நிற்க வேண்டும். ஏறிக்கொண்டே போனாலோ, நன்றாக இருந்தது திடீரென்று மோசமானாலோ, செம்பைத் தவிர வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஒரு வரிதான்.

பிரசவம் முடிந்ததும் போட்ட காப்பர் டி-யில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, மாதக் கணக்கு. போட்டு ஒரு வருஷம் ஆகியும் உங்கள் பீரியட்ஸ் கணக்கு ஐந்தாறு தடவைதான், ஏனென்றால் தாய்ப்பால் கொடுக்கும்போது பீரியட்ஸே வரவில்லை. அதனால் "ஒரு வருஷமாகியும் சரியாகவில்லையே" என்று பதற வேண்டாம், "ஆறு மாதம் இன்னும் முடியவில்லையே" என்று தள்ளிப்போடவும் வேண்டாம். இரண்டாவதுதான் முக்கியம். குழந்தை பிறந்த உடனே கருப்பை தொப்புள் உயரத்துக்குப் பெரிதாக இருக்கும், அந்தப் பெரிய இடத்தில்தான் காப்பர் டி-யை மேலே கொண்டுபோய் வைக்கிறோம். பிறகு ஆறு வாரத்தில் கருப்பை சுருங்கிக் கைப்பிடி அளவுக்கு வந்துவிடுகிறது. அப்படிச் சுருங்கும்போது காப்பர் டி இடம் நழுவவோ, கீழே இறங்கவோ, முழுதாக வெளியே வந்துவிடவோ வாய்ப்பு அதிகம். சாதாரண நாளில் போட்டுக்கொண்டவர்களைவிடப் பிரசவத்தோடு போட்டுக்கொண்டவர்களிடம் இது நிச்சயமாகக் கூடுதல். ஆறாவது வாரம் வந்து காட்டச் சொல்வது அதற்காகத்தான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி யார் போவது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

பாதி இறங்கிய காப்பர் டி எப்படிக் காட்டிக்கொள்ளும் என்றால், அது கருப்பை வாயில் தண்டை மாட்டிக்கொண்டு நிற்கும். கருப்பை அதை வெளியே தள்ளப் பார்க்கும். பிரசவ வலி போல விட்டுவிட்டு இழுக்கும் வலி, கூடிப்போகிற உதிரம், உடலுறவின்போது கணவருக்கோ உங்களுக்கோ கூராக ஏதோ குத்துவது, நூல் முன்பைவிட நீளமாகத் தெரிவது, விரலில் கெட்டியாக பிளாஸ்டிக் நுனி தட்டுப்படுவது எல்லாம் அதன் அடையாளங்கள். இதில் வலியைவிடப் பெரிய சங்கடம், அந்த நிலையில் அது கருத்தடை வேலையையும் ஒழுங்காகச் செய்யாது. உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கையில் நீங்கள் இருப்பீர்கள், அது பாதி வெளியே இருக்கும்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமல் விவரத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். 31 வயது, தையல் வேலை. பிரசவத்தோடு போட்ட காப்பர் டி. பீரியட்ஸ் திரும்பி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. வரும்போது நகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரைக் கையோடு சுருட்டிக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் பேனாவால் சின்னச் சின்னக் கோடு: நனைந்த நாப்கினுக்கு ஒரு பெரிய கோடு, பாதி நனைந்ததற்குச் சின்னக் கோடு, கட்டி போனால் ஒரு வட்டம். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே கண்டுபிடித்தது. 1990-இல் பிரிட்டனில் மருத்துவர்கள் படம் போட்டு வெளியிட்ட ஒரு கணக்கு முறையும் கிட்டத்தட்ட இதேதான். அதில் லேசாகக் கறைபட்ட நாப்கினுக்கு 1, பாதி நனைந்ததற்கு 5, முழுதாக நனைந்ததற்கு 20. சின்னக் கட்டிக்கு 1, ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய கட்டிக்கு 5. பீரியட்ஸ் முடிந்ததும் கூட்டிப் பார்த்து 100-ஐத் தாண்டினால் போக்கு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு பீரியட்ஸில் 80 மில்லி ரத்தத்துக்கு மேல் போகிறது என்பதுதான் அதன் தோராயமான பொருள். சாதாரணமாக 30, 40 மில்லிதான் போகும்.

அவர் காலண்டரை வைத்து நாங்கள் இருவரும் உட்கார்ந்து கூட்டினோம். முதல் நாள் முழுதாக நனைந்தது 2, பாதி 2. அது 50. இரண்டாம் நாள் முழுதாக 4, பாதி 1, பெரிய கட்டி 2. அது 95. மூன்றாம் நாள் முழுதாக 2, பாதி 2, ஒரு பெரிய கட்டி. 55. நாலாம் நாள் பாதி நனைந்தது மூன்று, 15. ஐந்தாம் நாள் இரண்டு, 10. அப்புறம் மூன்று நாள் லேசான கறை, நாளுக்கு இரண்டு, மொத்தம் 6. கூட்டினால் 231. "எல்லாருக்கும் இப்படித்தானே இருக்கும்னு நினைச்சேன் டாக்டர்" என்றார். ஒன்பது மாதம் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். ஹீமோகுளோபின் 8.4.

இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். அடுத்த முறை வரும்போது குறித்து வைத்தால் போதும், ஆனால் அதற்காக இப்போது காட்டப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம், நினைவிலிருந்தே கடந்த மாதத்தை எழுதி எடுத்துப் போகலாம். ஜெல் வைத்த மெல்லிய நாப்கின்கள் நிறைய ரத்தத்தைக் குடித்துக்கொண்டு அவ்வளவு நனைந்ததாகவே காட்டாது, அதனால் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கணக்கு உண்மையைவிடக் குறைவாக வரும். துணி பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த எண்கள் சரிப்படாது. அவர்கள் இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, பாயில் கறை படுகிறதா, வெளியே கிளம்பவே பயமாக இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

மூச்சு வாங்குவதுக்கு வருகிறேன். ஒரு மில்லி ரத்தத்தோடு சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. சாப்பாட்டிலிருந்து நம் உடல் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான், அதிலும் ஒரு பகுதி அன்றாடச் செலவுக்கே போய்விடும். மாதம் 120 மில்லி போனால் 60 மில்லிகிராம் இரும்பு போச்சு. கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டு அதை ஈடுகட்ட முடியாது. நீங்கள் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் ஏற்கெனவே இரும்பை இழந்திருக்கிறீர்கள், அந்தப் பள்ளம் மூடுவதற்குள் மேலும் தோண்டப்படுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அதனால் இங்கே யாருக்குக் காப்பர் டி போட்டாலும் ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டுப் போட வேண்டும், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. படி ஏறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பு, காலையில் எழும்போதே களைப்பு, முடி கொட்டுவது, சாம்பல், சாக்பீஸ், பச்சரிசி என்று எதையாவது வாயில் போட்டு மெல்லத் தோன்றுவது எல்லாம் இரும்பு தீர்ந்துபோவதன் பேச்சு. இதில் ஒன்று இருந்தாலும் "ஆறு மாதம் பொறுங்கள்" என்ற விதி அங்கேயே செல்லாமல் போய்விடும்.

சரி, காட்டப் போனால் என்ன செய்வார்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெரும்பாலானதைப் பார்த்துவிடலாம், ஸ்கேனுக்கு மட்டும் தாலுகா மருத்துவமனைக்கோ வெளியேயோ அனுப்பலாம். முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை, உங்களுக்கு அது தேவையே இல்லை என்று தோன்றினாலும் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் படுக்க வைத்துக் கருப்பை வாயை ஒரு கருவி வைத்துப் பார்ப்பார்கள், சில நிமிடம்தான். நூல் தெரிகிறதா, எவ்வளவு நீளம், கருப்பை வாயில் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கிறதா, கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல் இருக்கிறதா, அடிவயிற்றை அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். பிரசவத்தோடு போட்டவர்களில் பலருக்கு நூல் உள்ளேயே சுருண்டு கிடக்கும், வெளியே தெரியாது, அதற்காகக் காப்பர் டி தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்கேனில் பார்த்துவிடலாம். ஸ்கேனிலும் கருப்பைக்குள் இல்லை என்றால் வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். மிக அபூர்வமாக அது கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போயிருக்கலாம், அல்லது உங்களுக்கே தெரியாமல் ஒரு பீரியட்ஸில் வெளியே விழுந்திருக்கலாம். நெஞ்சுக்கு ஏறிவிடும், மூளைக்குப் போய்விடும் என்று ஊரில் சொல்வது நடக்காத காரியம்.

ஸ்கேனில் இன்னொன்றும் தெரியும். கருப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா, உட்சவ்வில் பாலிப் என்கிற சதை வளர்ந்திருக்கிறதா, கருப்பைச் சுவரே தடித்திருக்கிறதா என்று. இவை எதுவும் காப்பர் டி-யால் வந்தவை இல்லை, ஆனால் காப்பர் டி இருப்பதால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுந்து இவை கவனிக்கப்படாமலே போய்விடும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், முடிந்தால் ஃபெரிட்டின் என்கிற இரும்புக் கையிருப்பு. பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறுவதும் நடக்கிற விஷயம் என்பதால் உங்களுக்கு அதையும் பார்க்கச் சொல்வேன்.

அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு ஸ்கேனில் காப்பர் டி-யின் தண்டு கருப்பை வாய்க்குள் இறங்கியிருந்தது. நூலைப் பிடித்து இழுத்தேன், இருமச் சொன்னேன், அவர் இருமி முடிப்பதற்குள் அது என் கையில் இருந்தது. அதை ஒரு சின்னத் தட்டில் போட்டுக் காட்டினேன். "இவ்ளோதானா?" என்று கேட்டார்.

உங்களுக்கும் அப்படி இறங்கியிருந்தால் எடுக்கத்தான் வேண்டும், அதில் யோசிக்க எதுவுமில்லை. சரியான இடத்தில், மேலே, நன்றாக உட்கார்ந்திருந்தால் அப்போதுதான் உண்மையான கேள்வி வருகிறது, அதற்குப் பதில் உங்களுடையது. வைத்துக்கொள்ள விரும்பினால் மருந்தால் குறைத்துப் பார்க்கலாம். ரத்தம் தெரிந்த முதல் நாளிலிருந்தே ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராம், சாப்பிட்டபின், ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்றிலிருந்து ஐந்து நாள். தாய்ப்பால் கொடுப்பவர்களும் எடுக்கலாம். வலி தாங்க முடியாமல் போனபிறகு ஒன்று போட்டால் அவ்வளவாகப் பிடிக்காது. இந்த மாத்திரை புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே தடுக்கிறது, அதனால் வலியோடு போக்கும் ஓரளவு குறையும், சுரந்து முடிந்தபின் போட்டு என்ன பயன்? மெஃபெனமிக் அமிலமும் இதே வகைதான். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை போட்டால் ஆஸ்துமா வருகிறவர்கள் இதைத் தொடக்கூடாது. ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், அது போக்கைக் கூட்டும்.

அப்படியும் அடங்காவிட்டால் டிரானெக்சாமிக் அமிலம். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை, அதிகம் போகிற நாள்களில் மட்டும், நான்கைந்து நாளுக்கு மேல் கூடாது. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து, அதனால் மருந்துக் கடையில் "ரத்தம் நிற்கிற மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்காமல் மருத்துவர் எழுதிக்கொடுத்து வாங்குங்கள். இப்படி இரண்டு மூன்று பீரியட்ஸ் பார்க்கலாம். ஹீமோகுளோபின் ஏறி, போக்கு இறங்கினால் தொடரலாம். இல்லையென்றால் எடுத்துவிடலாம். மாதாமாதம் மாத்திரை போட்டுத்தான் ஒரு கருத்தடைச் சாதனத்தை உள்ளே வைத்திருக்க வேண்டும் என்றால் அந்தச் சாதனம் உங்களுக்குச் சரிவரவில்லை என்பதே என் கருத்து.

இரும்பு மாத்திரையை இதில் எந்த வழிக்குப் போனாலும் விடக்கூடாது. எத்தனை என்று மருத்துவர் ஹீமோகுளோபினைப் பார்த்துச் சொல்வார். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்க்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக ஏறும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியானபிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், கையிருப்பு நிரம்ப அவ்வளவு நாள் ஆகும்.

எடுத்துவிடுவது என்று முடிவு செய்தால் உங்கள் கணவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. காப்பர் டி எடுத்த அன்றிலிருந்தே கரு தங்கலாம். இன்னும் சொன்னால், எடுப்பதற்கு நான்கைந்து நாள் முன்பு உறவு வைத்திருந்தால் அந்த விந்தணுக்கள் உயிரோடு காத்திருந்து எடுத்தபின் வேலையைக் காட்டலாம். அதனால் எடுக்கப் போகும் தேதிக்கு ஏழு நாள் முன்பிருந்தே ஆணுறை பயன்படுத்துங்கள், அல்லது விலகியிருங்கள். பாதி இறங்கிய காப்பர் டி-யை மட்டும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், அது எப்படியும் பாதுகாப்புத் தரவில்லை. அண்மையில் உறவு இருந்தது என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், என்ன செய்யலாம் என்று அவர் பார்ப்பார்.

எடுத்தபின் என்ன என்பதை எடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள், அப்போது உங்கள் கணவரின் பயத்துக்கும் பதில் கிடைத்துவிடும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே இரண்டு உண்டு. சாயா மாத்திரை, ஹார்மோன் அல்லாதது, தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் ஆகும். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு வாரத்துக்கு ஒரு நாள். இதில் பீரியட்ஸ் குறைவாகவும் தள்ளியும் வரும், ரத்தசோகை உள்ளவருக்கு அது நல்லதுதான். இன்னொன்று அந்தரா ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று. தொடக்கத்தில் முறையில்லாமல் சொட்டுச் சொட்டாகப் படும், பிறகு பலருக்குப் பீரியட்ஸே நின்றுபோகும், அதைக் கண்டு பதற வேண்டாம். கையில் காசு இருந்தால் ஹார்மோன் வைத்த லூப் இருக்கிறது. காப்பர் டி போலவே உள்ளே வைப்பது, ஆனால் உட்சவ்வை மெல்லியதாக்கி உதிரப்போக்கை வெகுவாகக் குறைத்துவிடும். விலை சில ஆயிரம் ஆகும். குழந்தை போதும் என்று இருவரும் உறுதியாக இருந்தால் கணவருக்குச் செய்கிற தழும்பில்லாத சின்னச் சிகிச்சை இருக்கிறது, உங்களுக்குச் செய்கிற அறுவையைவிட எளிது. அதை அவரிடம் பேசிப் பாருங்கள்.

"இப்பதானே போட்டது, அதற்குள் எதற்கு எடுக்கணும்" என்று உங்களைத் திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்து வருஷம் வேலை செய்யும் என்றால் பத்து வருஷமும் வைத்திருக்க வேண்டும் என்று பொருளில்லை. உங்கள் உடம்பில் இருப்பது, எடு என்றால் எடுக்க வேண்டும், காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை, கணவர் கையெழுத்தும் வேண்டாம். அதேபோல, யாராவது "போக்கு நிற்காது, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம்" என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வேறொரு மருத்துவரிடம் போங்கள். 27 வயதில் காப்பர் டி-யால் வரும் உதிரப்போக்குக்கு அது சிகிச்சையே அல்ல.

இந்த வாரம் காட்டுங்கள் என்று சொன்னேன். ஆனால் சில சமயம் அன்றைக்கே, நேரம் பார்க்காமல் ஓட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே நனைந்தால், தலை சுற்றி விழப் பார்த்தால். காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வாடையுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்து வந்தால், அது கருப்பையில் தொற்று. நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை வலி, மயக்கம் என்று வந்தால், கரு குழாயில் தங்கியிருக்கலாம். காப்பர் டி இருக்கும்போது கர்ப்பம் வருவதே அரிது, வந்தால் அது குழாயில் வந்திருக்க மற்ற கர்ப்பங்களைவிட வாய்ப்பு அதிகம். அப்படி நேர்ந்தால் 108-க்கு அழைக்க யோசிக்காதீர்கள்.

பிரசவத்தின்போது காப்பர் டி போட்டதும் ஒரு சின்ன அட்டை கொடுத்திருப்பார்கள், தேதியும் எந்த வகை என்றும் அதில் இருக்கும். 380ஏ என்றால் பத்து வருஷம், 375 என்றால் ஐந்து. அதைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் "ரத்தம் அதிகமா போகுது" என்று மட்டும் சொன்னால் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடக்கூடும். "பிரசவத்தோட போட்டது, மாசாமாசம் கூடுது, படி ஏறினா மூச்சு வாங்குது, இடத்துல இருக்கான்னு பார்க்கணும், ஹீமோகுளோபின் பார்க்கணும்" என்று இந்த ஐந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாமியாரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், குழந்தையை வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

அந்தத் தையல்காரப் பெண் சாயா மாத்திரை எடுத்துக்கொண்டார், மூன்று மாதம் இரும்பு மாத்திரை போட்டார். மறுபடி வந்தபோதும் காலண்டர் கையில் இருந்தது. கோடுகளைக் கூட்டினால் 64. ஹீமோகுளோபின் 11.1. இன்னும் 12 ஆகவில்லை, இரும்பை நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.